700D, T5i, X7i: ஒரே கேமராவுக்கு மூன்று பெயர்

கேனன் நிறுவனம் 2013-ல் புதிதாக ஒரு கேமராவை வெளியிட்டது. சென்னையிலோ லண்டனிலோ கடைக்குப் போய்க் கேட்டவர்களுக்கு ‘EOS 700D’ என்று எழுதிய பெட்டியை எடுத்துக் கொடுத்தார்கள். நியூயார்க்கில் அதே கேமரா ‘ரெபெல் T5i’ என்ற பெயரில் விற்றது. டோக்கியோவில் அதன் பெயர் ‘கிஸ் X7i’. மூன்றிலும் அதே 18 மெகாபிக்சல் சென்சார், அதே பேட்டரி, பக்கவாட்டில் விரித்துத் திருப்பும் அதே தொடுதிரை. மூன்றையும் அக்கம்பக்கத்தில் வைத்து ஒரே பூவைப் படமெடுத்தால் எந்தப் படம் எந்தக் கேமராவில் எடுத்தது என்று பார்த்துச் சொல்ல முடியாது. முகப்பில் அச்சடித்த எழுத்துதான் வேறு.

புதிதாக வாங்கும்போது இதனால் யாருக்கும் தொல்லை இல்லை. அந்தந்த ஊரில் அந்தந்தப் பெயர் போதும். கேமரா கடல் கடந்து வந்த பிறகுதான் சிக்கல். அமெரிக்காவிலிருந்து வரும் உறவினர் பழைய கேமராவைக் கொடுத்துவிட்டுப் போகிறார். கனடாவிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒன்று வந்து சேர்கிறது. ஜப்பானிய ஏலத்தில் எடுத்த கேமராக்கள் மொத்தமாக வந்து இங்கே விற்பனைக்கு நிற்கின்றன. இரண்டு வருடம் கழித்து பேட்டரி தேய்ந்துபோனதும் கடைக்காரரிடம் “T5i-க்கு பேட்டரி இருக்கா?” என்று கேட்டால் அவர் உதட்டைப் பிதுக்குகிறார். “700D-க்கு” என்று கேட்டிருந்தால் மேசை இழுப்பறையிலிருந்தே எடுத்துக் கொடுத்திருப்பார்.

விலையிலும் இந்தக் குழப்பம் விளையாடுகிறது. ‘அமெரிக்கன் மாடல்’ என்று சொல்லிக் கூடுதலாகக் கேட்பவர்கள் உண்டு. ‘இந்த மாடல் நம்ம ஊர்ல வரல, ஸ்பேர் கிடைக்காது’ என்று சொல்லி அடிமாட்டு விலைக்குக் கேட்பவர்களும் உண்டு. இந்தக் கேமராவைப் பொறுத்தவரை இரண்டு பேச்சுக்கும் அடிப்படை கிடையாது. அதை நிரூபிக்க ஒரு நல்ல புகைப்படம் போதும்.

அதற்கு முன்னால் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறுவதில் இரண்டு வகை இருக்கிறது. ஒன்று, பொருள் மாறாமல் பெயர் மட்டும் மாறுவது. மற்றது, பெயர் மாறாமல் பொருளே மாறுவது. கேமரா பெரும்பாலும் முதல் வகை, கைப்பேசி இரண்டாம் வகை. ஐஃபோன் 14-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். உலகம் முழுக்க அதன் பெயர் ஐஃபோன் 14தான். ஆனால் அமெரிக்காவில் விற்ற A2649 என்ற எண்ணுள்ள ஃபோனில் சிம் கார்டு போடும் தட்டே கிடையாது, இசிம் மட்டும்தான். இந்தியாவில் விற்ற A2882-ல் ஒரு சிம் கார்டு போடலாம். சீனாவுக்கான A2884-ல் இரண்டு சிம் கார்டுகள் போடலாம். ஒவ்வொரு நாட்டிலும் அலைக்கற்றை வேறு, தொலைத்தொடர்பு அனுமதி வேறு என்பதால் உள்ளே இருக்கும் வன்பொருளே மாறுகிறது. ஆகவே கைப்பேசியில் பெயரை நம்பி வாங்கினால் ஏமாறலாம். எண்ணைப் பார்க்க வேண்டும். கேமராவில் பெயரைப் பார்த்து ‘இது நம்ம ஊர் மாடல் இல்லையே’ என்று ஒதுங்கினால் நல்ல பொருளைக் கைவிட நேரலாம்.

இனி நம் கேமராவுக்கு வருவோம். ஒரே நிறுவனம் தன் பொருளுக்குத் தானே மூன்று பெயர் வைப்பானேன்?

கதை ஃபிலிம் காலத்தில் தொடங்குகிறது. கேனன் 1990-ல் சாதாரணக் குடும்பங்களுக்கான விலையில் ஒரு கேமராவைக் கொண்டுவந்தது. ஐரோப்பாவில் அதன் பெயர் EOS 1000. அமெரிக்காவில் அதற்கு ‘ரெபெல்’ என்று பெயரிட்டு, அப்போது நீண்ட தலைமுடியோடு டென்னிஸ் மைதானங்களைக் கலக்கிக்கொண்டிருந்த ஆண்ட்ரே அகாசியை விளம்பரத்தில் நடிக்க வைத்தார்கள். இளைஞர்களுக்கான, கொஞ்சம் திமிரான கேமரா என்பது அங்கே அதன் முகம். ஜப்பானில் 1993-ல் வந்த அடுத்த கேமராவுக்கு ‘கிஸ்’ என்று பெயர். அங்கே விளம்பரம் பார்த்தது தாய்மார்களை: சின்னதாக, எடை குறைவாக, குழந்தையின் ஓட்டப் பந்தயத்தை அம்மாவே படமெடுக்கத் தோதான கேமரா. அதே கேமரா ஐரோப்பாவில் EOS 500, அமெரிக்காவில் ரெபெல் XS. மூன்று சந்தையிலும் மூன்று விதமான மனிதர்களை மனத்தில் வைத்து விற்றார்கள். இரண்டு பெயர்களும் அவரவர் ஊரில் நன்றாக வேரூன்றிவிட்டன. 2003-ல் டிஜிட்டல் வந்தபோது வேரூன்றிய பெயரைப் பிடுங்கிப்போட எந்த விற்பனைப் பிரிவுக்கு மனம் வரும்? 300D என்று உலகம் அறிந்தது அமெரிக்காவில் டிஜிட்டல் ரெபெல் ஆனது, ஜப்பானில் கிஸ் டிஜிட்டல் ஆனது.

கேனன் மட்டும் இப்படிச் செய்யவில்லை. மினோல்டாவின் கேமராக்கள் ஜப்பானில் ஆல்பா, அமெரிக்காவில் மேக்ஸம், ஐரோப்பாவில் டைனாக்ஸ். நைக்கானின் F80 அமெரிக்காவில் N80. மேக்ஸம் என்ற பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் வரும் இரண்டு எக்ஸ்களும் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டிருக்கும். அது தங்கள் சின்னத்தைப் போல இருக்கிறது என்று எக்ஸான் எண்ணெய் நிறுவனம் வழக்குப் போட்டது. அதன் பிறகு வந்த கேமராக்களில் எக்ஸ்களைப் பிரித்து எழுதினார்கள். பழைய மேக்ஸம் கேமராவின் புகைப்படத்தைப் பார்த்து அது ஆரம்பகாலத் தயாரிப்பா, பிந்தையதா என்று சேகரிப்பாளர்கள் இன்றும் அந்தப் பின்னலை வைத்தே சொல்கிறார்கள்.

விளம்பரம் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி வியாபாரம். அமெரிக்காவில் கேனன் அமெரிக்கா, ஜப்பானில் அதன் உள்நாட்டு விற்பனை நிறுவனம் என்று ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனி நிறுவனங்கள் விற்கின்றன. விலை, சலுகை, வாரன்ட்டி எல்லாம் அவரவர் பொறுப்பு. நாணய மதிப்பு மாறும்போது ஒரு நாட்டில் விலை சரிந்தால், அங்கே மொத்தமாக வாங்கி அடுத்த நாட்டில் இறக்கும் வியாபாரிகள் கிளம்பிவிடுவார்கள். முகப்பில் பெயர் வேறாக இருந்தால் ‘இது எங்கள் ஊர்ச் சரக்கு இல்லை’ என்று கடைக்காரருக்கும், சர்வீஸ் சென்டரில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒரே பார்வையில் தெரிந்துவிடும். விலையை ஒப்பிட்டுப் பார்க்கும் வாங்குபவருக்கும் அது சற்றே கஷ்டமாகும். இதில் எனக்கு உடன்பாடு இல்லை. வாரன்ட்டி முடிந்து பத்து வருடமானாலும் கேமரா உழைக்கிறது. பெயர்க் குழப்பமும் அதோடு சேர்ந்து உழைக்கிறது. அதன் சுமையைச் சுமப்பவர்கள் பழைய கேமராவை வாங்கும், வசதி குறைந்தவர்கள்தான்.

பெயர்களுக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது. 2010-ன் 550D அமெரிக்காவில் T2i, ஜப்பானில் X4. அடுத்த வருடத்து 600D அங்கே T3i, இங்கே X5. பிறகு 650D, T4i, X6i. அதன் பின் நம் 700D, T5i, X7i. ஒரு படியில் நின்று எண்ணினால் மற்றப் படிகளும் தானாகக் கிடைக்கும் என்று தோன்றும். அங்கேதான் வழுக்குகிறது. அமெரிக்காவில் T5i என்று ஒரு கேமரா இருப்பதுபோல, கடைசி எழுத்து இல்லாமல் வெறும் T5 என்று இன்னொன்றும் இருக்கிறது. அது 2014-ல் வந்த, விலை குறைந்த 1200D. T5i-யோடு அதற்கு உறவே இல்லை: திரை விரியாது, தொட்டால் இயங்காது, பேட்டரி வேறு. ஜப்பானில் X7i-க்குப் பக்கத்தில் X7 என்று ஒன்று. அது 100D என்ற குட்டிக் கேமரா. ஜப்பானில் 8000D என்று விற்றது நம் ஊரில் 760D. பெயரைப் பார்த்து அதை 800D-யோடு சேர்த்துவிடக் கூடாது.

எண்ணில் பெயர் வைத்த ஊர்களுக்குள்ளேயும் ஒற்றுமை கிடையாது. இந்தியாவில் 1500D என்று விற்கும் கேமரா ஐரோப்பாவில் 2000D. நம் 3000D அங்கே 4000D. நம் ஊர் 200D மார்க் II அங்கே 250D. ஐரோப்பிய விமர்சனத்தில் 2000D-யைப் பற்றிப் படித்துவிட்டு, ‘நம்ம 1500D அதைவிட ஒரு படி கீழே போல’ என்று நினைத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் ஒன்றேதான்.

ஆகவே பெயரை வைத்து ஊகிப்பதை விட்டுவிட்டு, ஊர் மாறினாலும் மாறாதது எது என்று தேட வேண்டும். ஓர் உதாரணத்தோடு பார்ப்போம்.

எங்கள் தெருவில் விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கும் மாணவி ஒருத்தி. நியூஜெர்சியில் இருக்கும் அவளுடைய சித்தப்பா, நண்பர் ஒருவர் விற்கும் கேமராவைப் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்பி, “ஊருக்கு வரும்போது வாங்கிட்டு வரட்டுமாம்மா?” என்று கேட்டிருக்கிறார். அவள் படத்தை என்னிடம் காட்டினாள். மேசைமேல் கேமரா, முன்பக்கம் நம்மைப் பார்த்தபடி. லென்ஸுக்குப் பக்கத்தில் REBEL T5 என்று தெரிகிறது. அதற்கடுத்து கேமராவின் தோள்பட்டை வார் மடங்கி விழுந்திருக்கிறது. வாருக்கு அடியில் ஒரு சின்ன எழுத்து இருக்கிறதா, இல்லையா? நல்ல கேமராவா, ஆரம்பநிலைக் கேமராவா என்பது அந்த ஒற்றை எழுத்தில் தொங்குகிறது.

இதே படத்தைக் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடலாம். போட்டோம். 1200D, 700D, 650D, 600D எல்லாம் கலந்து வந்தது. படத்தை வைத்துத் தேடும் வசதிகள் ‘இது ஒரு கேனன் கேமரா’ என்கிற அளவுக்கு நன்றாக வேலை செய்யும். அண்ணன் தம்பி போல இருக்கும் மாடல்களைப் பிரித்துச் சொல்லாது. ஒரு வேலைக்கு மட்டும் அதைப் பயன்படுத்தலாம்: அதே படம் வேறு பத்து விளம்பரங்களில் வந்திருந்தால், விற்பவர் தன் கேமராவைப் படமெடுக்காமல் யாரோ எடுத்ததைப் போட்டிருக்கிறார் என்று தெரிந்துவிடும்.

“சித்தப்பாகிட்ட அடிப்பக்கத்தைப் படமெடுத்து அனுப்பச் சொல்லும்மா” என்றேன். கேனன் கேமராவைத் தலைகீழாகத் திருப்பினால் அடியில் ஒரு லேபிள் இருக்கும். அதில் சீரியல் எண்ணுக்குப் பக்கத்தில் DS126 என்று தொடங்கும் ஓர் எண். பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. மின்சாதனப் பரிசோதனைகளுக்கும் அரசு அனுமதிகளுக்கும் நிறுவனம் கொடுத்திருக்கும் எண் அது. விளம்பரத்துக்கும் அதற்கும் தொடர்பில்லாததால், முகப்பில் ரெபெல் என்று இருந்தாலும் கிஸ் என்று இருந்தாலும் அந்த எண் மாறுவதில்லை. 700D, T5i, X7i மூன்றுக்கும் DS126431. இந்த எண்ணை அப்படியே தேடுபொறியில் தட்டினால் மூன்று பெயர்களும் வரிசையாக வரும். 650D என்றால் DS126371, 600D என்றால் DS126311.

சித்தப்பா அனுப்பிய படத்தில் லேபிள் இருந்தது, ஆனால் ஃபோகஸ் சரியில்லை. DS1264 வரை தெளிவு, கடைசியில் 1 தெளிவு, நடுவில் ஓர் எண் மங்கல். T5i-யின் எண் DS126431, வெறும் T5-வின் எண் DS126491. மங்கிய படத்தில் 3-ம் 9-ம் ஒன்றுபோலத்தான் தெரியும். இப்படி நேரும்போது படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பது வீண். கண் எதைப் பார்க்க ஆசைப்படுகிறதோ அதைத்தான் பார்க்கும். புதிய படம் கேட்பதே வழி. விளக்கைப் பக்கவாட்டில் வைத்து, ஃபிளாஷ் இல்லாமல், ஃபோனைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஜூம் செய்து எடுத்தால் கறுப்பு லேபிளில் உள்ள சின்ன எழுத்துகளும் தெளிவாக விழும். மிக நெருக்கத்தில் ஃபோனைக் கொண்டுபோனால் ஃபோகஸ் பிடிக்காது.

சித்தப்பா அலுவலகத்தில் இருந்தார். மறுபடம் வரும்வரை கையிலிருந்த படத்திலேயே வேறு தடயம் தேடினோம். அடிப்பக்கப் படத்தில் ஓரமாகக் கைப்பிடியின் பக்கவாட்டும் தெரிந்தது. அதில் ஒரு சின்னக் கதவின் கோடு. T5i-யில் மெமரி கார்டு போகும் கதவு கைப்பிடியின் பக்கத்தில் இருக்கிறது. 1200D குடும்பத்தில் அப்படித் தனிக் கதவு கிடையாது. அடியில் பேட்டரிக் கதவைத் திறந்தால் அதற்குள்ளேயே கார்டும் இருக்கும். பக்கவாட்டில் கதவு இருக்கிறது என்றால் இது வெறும் T5 இல்லை. கேமராவின் முதுகைப் பார்க்க முடிந்திருந்தால் இன்னும் எளிது: திரையின் இடப்பக்கம் கீல் இருந்து திரை விரிகிறதா என்று பார்த்தால் போதும்.

சரி, T5 இல்லை. T4i-யாக இருந்து யாராவது முன்மூடியை மாற்றியிருந்தால்? இது வீண் சந்தேகம் இல்லை. கீழே விழுந்து உடைந்த கேமராவைச் சரிசெய்யும்போது வேறு கேமராவின் மூடியைப் பொருத்துவது நடக்கக்கூடியதுதான். 650D-யும் 700D-யும் உருவத்தில் இரட்டைப் பிள்ளைகள். வேறுபாடு மேலே உள்ள சுழல் குமிழில் இருக்கிறது. 650D-யின் குமிழில் இரவுக் காட்சிக்கும் எதிரொளிக்கும் தனித்தனிச் சின்னங்கள் வரிசையாக இருக்கும். 700D-யில் அவற்றையெல்லாம் ஒன்றாக்கி SCN என்ற ஒரே எழுத்துக் கூட்டுக்குள் வைத்துவிட்டார்கள். 600D என்றால் குமிழில் A-DEP என்று ஓர் இடம் இருக்கும். 650D-யிலிருந்து அது இல்லை. மேலிருந்து எடுத்த ஒரு படம் இந்த மூன்றையும் பிரித்துவிடும்.

இரவில் இரண்டு படம் வந்தது. லேபிளில் 431. குமிழில் SCN. இது 700D என்பதில் இனிச் சந்தேகம் இல்லை.

இதெல்லாம் கேமராவைப் பிடித்த படம். கேமரா பிடித்த படம் இதைவிட நேரடியாகப் பேசும். டிஜிட்டல் கேமரா எடுக்கும் ஒவ்வொரு படத்துக்குள்ளும் எக்ஸிஃப் என்ற குறிப்பு இருக்கிறது: எந்தக் கேமரா, எந்த லென்ஸ், எவ்வளவு ஷட்டர் வேகம் என்று. கேனன் அதில் மாடல் பெயரை விற்பனைப் பெயரிலேயே எழுதுகிறது. அமெரிக்கக் கேமரா ‘ரெபெல்’ என்றும் ஜப்பானியக் கேமரா ‘கிஸ்’ என்றும் தன்னைச் சொல்லிக்கொள்ளும். ஆனால் அதற்குக் கீழே, கேனனுக்கென்றே உள்ள பகுதியில், ஓர் உள் எண்ணையும் எழுதுகிறது. நம் கேமராவுக்கு அது 0x80000326. மூன்று பெயருக்கும் இந்த ஒரே எண்தான். ஃபில் ஹார்வி என்பவர் உருவாக்கி இலவசமாகக் கொடுத்திருக்கும் எக்ஸிஃப்டூல் என்ற மென்பொருள் அந்த எண்ணைப் படித்து, அதற்குரிய எல்லாப் பெயர்களையும் சேர்த்தே காட்டும். கணினியில் இப்படித் தட்ட வேண்டும்:

```
exiftool -Model -CanonModelID -SerialNumber IMG_0412.JPG
```

விடையின் முதல் இரண்டு வரிகள் இப்படி இருக்கும்:

```
Camera Model Name : Canon EOS REBEL T5i
Canon Model ID    : EOS Rebel T5i / 700D / Kiss X7i
```

இரண்டாவது வரியில் மூன்று பெயரும் வந்துவிட்டது. கட்டளை தட்டப் பிடிக்காதவர்கள் விண்டோஸில் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, ப்ராப்பர்ட்டீஸில் டீடெய்ல்ஸ் பக்கத்தைப் பார்க்கலாம். ஆனால் அங்கே விற்பனைப் பெயர் மட்டும்தான் வரும்.

மூன்றாவது வரி சீரியல் எண். இது கேமராவின் அடியில் உள்ள லேபிளில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போனால், அனுப்பிய மாதிரிப் படம் அந்தக் கேமராவிலேயே எடுத்தது என்று பொருள். ஒத்துப்போகாவிட்டால் வேறு கேமராவில் எடுத்த அழகான படத்தை அனுப்பியிருக்கலாம், அல்லது லேபிள் உள்ள பகுதியையே மாற்றியிருக்கலாம். எதுவானாலும் விளக்கம் கேட்காமல் பணம் கொடுக்கக் கூடாது.

இங்கே பலர் சறுக்கும் இடம் வாட்ஸாப். படத்தைப் படமாக அனுப்பினால் வாட்ஸாப் அதைச் சுருக்கி, எக்ஸிஃப் குறிப்பை உதிர்த்துவிடும். வந்து சேரும் படத்தில் எதுவும் இருக்காது. “டாக்குமென்ட்டா அனுப்புங்க சித்தப்பா, போட்டோவா வேணாம்” என்று அவள் குரல்செய்தி அனுப்பினாள். முதலில் வந்தது, கேமராவின் திரையில் ஓடும் படத்தைத் தன் ஃபோனில் எடுத்த படம். அதன் எக்ஸிஃபில் ஃபோனின் பெயர்தான் இருந்தது. மெமரி கார்டை எடுத்துக் கணினியில் போட்டு, அதிலிருந்து திருத்தாத கோப்பை இணைத்து அனுப்பிய பிறகுதான் மேலே சொன்ன வரிகள் கிடைத்தன.

பெயர் வேறு, பொருள் ஒன்று என்று உறுதியான பிறகும் சில சின்ன வேறுபாடுகள் மிச்சம் இருக்கும். முதலாவது சார்ஜர். பேட்டரி எல்லா ஊரிலும் LP-E8. சார்ஜர் அமெரிக்காவில் LC-E8. தட்டையான இரண்டு கம்பிகள் அதன் உடம்பிலேயே இருக்கும். நம் ஊருக்கு வந்தது LC-E8E. வயர் மாட்டிக்கொள்ளும் வகை. அமெரிக்க சார்ஜர் நம் மின்சாரத்தில் எரிந்துவிடுமோ என்று பயந்து கனமான டிரான்ஸ்ஃபார்மர் வாங்குபவர்கள் உண்டு. தேவையில்லை. சார்ஜரின் முதுகில் 100–240V என்று எழுதியிருக்கும். பிளக் பொருந்துவதற்கு ஒரு சாதாரண மாற்றி போதும்.

இரண்டாவது மொழி. ஜப்பானில் விற்கும் கேமராக்களில் மெனு மொழிகளின் எண்ணிக்கையைக் குறைத்துவிடுவார்கள். ஜப்பானிய மொழி மட்டுமே உள்ளவை, அதோடு ஆங்கிலம் உள்ளவை என்று நிறுவனத்துக்கும் காலத்துக்கும் தகுந்தபடி இது மாறும். கிஸ் வாங்குபவர்கள் மெனுவில் மொழி தேர்வு செய்யும் பக்கத்தைத் திறந்து வைத்து ஒரு படம் கேட்க வேண்டும். படத்தில் ஆங்கிலம் இல்லையென்றால், பின்னால் சேர்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கையில் வாங்காதீர்கள்.

மூன்றாவது, வைஃபை வந்த பிறகு நுழைந்தது. அலைபரப்பு அனுமதி நாட்டுக்கு நாடு வேறு என்பதால், கேனன் 6D-யை இரண்டு வடிவில் செய்தது: வைஃபையும் ஜிபிஎஸ்ஸும் உள்ள 6D (WG), இரண்டும் இல்லாத 6D (N). 70D-யிலும் இப்படி (W), (N) என்று இரண்டு உண்டு. முகப்பில் ஒரே பெயர், உள்ளே ஒரு வசதி இல்லை. கைப்பேசியின் குணம் கொஞ்சம் கேமராவுக்கும் வந்துவிட்டது என்று சொல்லலாம். வைஃபை வேண்டும் என்பவர்கள் மெனுவில் அந்த வரி இருக்கிறதா என்று படம் கேட்டுப் பார்ப்பதே நிச்சயமான வழி. நம் 700D-யில் வைஃபையே கிடையாது, ஆகையால் இந்தக் கவலை இல்லை.

வாரன்ட்டியைப் பொறுத்தவரை, வெளிநாட்டில் விற்ற கேமராவுக்கு இங்கே வாரன்ட்டி கிடைக்கும் என்று எண்ணி வாங்கக் கூடாது. பத்து வருடப் பழைய கேமராவில் அந்தக் கேள்வியே எழாது. காசு கொடுத்துப் பழுதுபார்க்கும்போது 700D-யின் ஷட்டரும் திரையும்தான் T5i-க்குள்ளும் போகும். பழுதுபார்ப்பவரிடம் முகப்பில் உள்ள பெயரைச் சொல்லாமல் அடியில் உள்ள DS எண்ணைச் சொன்னால் அவருக்கும் தேடுவது எளிது.

கேமரா ஊர் வந்து சேர்ந்ததும் அவள் கல்லூரி அரங்கில் ஒரு நாடகத்தை வீடியோ எடுத்தாள். படம் முழுக்கப் பட்டை பட்டையாக வெளிச்சம் துடித்தது. கேமராவில் கோளாறு என்று பதறிப்போய்க் கொண்டுவந்தாள். கோளாறு இல்லை. அமெரிக்காவில் மின்சாரம் நொடிக்கு 60 சுற்று. அதற்கேற்ற NTSC முறையில், நொடிக்கு 30 சட்டங்களாகக் கேமரா படமெடுத்துக்கொண்டிருந்தது. நம் ஊர் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. டியூப் லைட்டின் துடிப்பும் கேமராவின் வேகமும் ஒத்துப்போகவில்லை. மெனுவில் வீடியோ சிஸ்டம் என்ற வரிக்குப் போய் PAL என்று மாற்றினோம். நொடிக்கு 25 சட்டங்கள் என்ற தேர்வு அதன் பிறகுதான் பட்டியலில் தெரிந்தது. அதைத் தேர்ந்து, ஷட்டர் வேகத்தை 1/50-ல் நிறுத்தி, அதே டியூப் லைட்டுக்குக் கீழே மறுபடியும் எடுத்துப் பார்த்தோம். துடிப்பு நின்றுவிட்டது.